போட்டிக்கு முன் ஆய்வகக் கணினிகளைக் குறைந்த செலவில் மேம்படுத்துவது எப்படி: துறைத்தலைவரிடம் கொடுக்கும் முன்மொழிவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பொறியியல் கல்லூரியில் விளையாட்டுக் கணினி மன்றத்தின் ஒருங்கிணைப்பாளராக இருப்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலை இது. வேலரன்ட் என்ற இணையச் சுடும் விளையாட்டில் இரண்டு நாள் போட்டி நடத்த வேண்டும். கையில் இருப்பது பாடம் நடத்துவதற்காக வாங்கிய ஆய்வகக் கணினிகள். புதுக் கணினி வாங்கப் பணம் இல்லை, துறைத்தலைவரிடம் போனால் "என்ன வேண்டும், எவ்வளவு ஆகும், போட்டி முடிந்த பிறகு ஆய்வகத்துக்கு இதனால் என்ன?" என்று மூன்று கேள்விகள் வரும். அந்த மூன்றுக்கும் அளவெடுத்த விடை இருந்தால் கையெழுத்து கிடைக்கும். ஆகவே கடிதம் எழுதுவதற்கு முன், ஒரே ஒரு கணினியில் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிடுங்கள். அந்தக் கணினியில் பலித்ததை மட்டும் கேளுங்கள்.

இங்கே எடுத்துக்கொள்வது எங்கள் ஆய்வகம். 36 கணினிகள், எல்லாம் ஒரே மாதிரி, சிறிய பெட்டி வகை. இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5-7500 செயலி, ஒரே ஒரு 4 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், தனி கிராபிக்ஸ் அட்டை இல்லை, விண்டோஸ் 10. அணிக்கு ஐந்து பேர், ஒரு ஆட்டத்துக்குப் பத்துக் கணினிகள். பார்வையாளர் திரைக்கு ஒன்று, பழுதானால் மாற்ற ஒன்று. ஆக, நமக்கு வேண்டியது 36 அல்ல, 12. இந்த எண்ணைச் சுருக்கியதுமே மூன்றில் இரண்டு பங்குச் செலவு குறைந்துவிடுகிறது.

முதல் படி: பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஸ்டாக் ரெஜிஸ்டரில் எழுதியிருப்பதை நம்பி எதையும் வாங்காதீர்கள். இடையில் பழுது பார்க்க வந்தவர்கள் பாகங்களை மாற்றியிருப்பார்கள். ஒவ்வொரு கணினியிலும் பவர்ஷெல்லைத் திறந்து இந்த இரண்டு வரிகளை ஓட்டுங்கள்:

```
Get-CimInstance Win32_PhysicalMemory | Select-Object DeviceLocator, Capacity, Speed, PartNumber
Get-PhysicalDisk | Select-Object FriendlyName, MediaType, Size
```

முதல் வரி எந்தப் பள்ளத்தில் எத்தனை ரேம், என்ன வேகம், என்ன பாக எண் என்று சொல்லும். இரண்டாவது வரி வட்டு HDD-யா SSD-யா என்று சொல்லும். பிறகு ஒரு பெட்டியைத் திறந்து கண்ணாலும் பாருங்கள். ரேம் பள்ளம் இரண்டா நான்கா, அது மேசைக் கணினிக்கான நீளமான பலகையா, மடிக்கணினியில் வருவது போன்ற குட்டைப் பலகையா என்று கவனியுங்கள். மிகச் சிறிய பெட்டிகளில் குட்டைப் பலகைதான் இருக்கும். நீளமானதை வாங்கி வந்தால் பொருந்தாது. ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் சிலவற்றில் டிடிஆர்3எல் ரேமும் உண்டு. அது டிடிஆர்4 பள்ளத்தில் நுழையவே நுழையாது.

பெட்டியைத் திறப்பதற்கு முன் ஆய்வகப் பொறுப்பாளரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கணினிகள் இன்னும் உத்தரவாதத்திலோ வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்திலோ இருக்கின்றனவா? ஒப்பந்தம் இருந்தால் பாகம் மாற்றும் வேலையை அந்த நிறுவனத்தின் ஆள் முன்னிலையில் செய்வது நல்லது. பிற்பாடு வரும் பழுதுக்கெல்லாம் "மாணவர்கள் திறந்தார்கள்" என்ற பேச்சு வராமல் இருக்கும்.

இரண்டாம் படி: தடை எங்கே என்று அளவெடுங்கள்

ஒரு கணினியில் விளையாட்டை நிறுவுங்கள். அமைப்புகளில் வீடியோ பகுதிக்குள், வினாடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற ஃபிரேம் எண்ணிக்கையைத் திரையில் காட்டும் வசதி இருக்கிறது, அதை இயக்குங்கள். கிராபிக்ஸ் தரம் எல்லாவற்றையும் குறைந்த நிலையில் வையுங்கள். பயிற்சிக் களத்தில் தனியாக நின்று அளந்தால் எண் அழகாக வரும், ஆனால் அது பொய். பலர் ஒரே நேரத்தில் சுடும் டெத்மேட்ச் ஆட்டத்தில் அளந்து பாருங்கள். சராசரியைவிடக் கீழே எதுவரை விழுகிறது என்பதுதான் முக்கியம். ஆய்வக மானிட்டர்கள் 60 ஹெர்ட்ஸ். ஆகவே நம் இலக்கு, சண்டை நடுவிலும் 60-க்குக் கீழே போகாத ஆட்டம். அதற்கு மேல் கேட்பது இந்த மானிட்டரில் வீண்.

எங்கள் கணினியில் சராசரி 50-ஐ ஒட்டி இருந்தது. ஆனால் எதிரி மூலையிலிருந்து வெளிவரும் நேரத்தில் 20-களுக்கு விழுந்து, படம் ஒரு கணம் உறைந்து நின்றது. அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைப் பின்னணியில் ஓடவிட்டால் காரணம் தெரியும். செயலி முழுதாகத் திணறவில்லை. ரேம் முழுவதும் நிரம்பியிருந்தது. வட்டு 100 சதவீதத்தில் நின்றது. 4 ஜிபி-யில் விண்டோஸே பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. தனி அட்டை இல்லாததால் கிராபிக்ஸும் அதே ரேமில்தான் பங்கு கேட்கிறது. மீதி போதாமல் விண்டோஸ் தரவை ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளுகிறது. சுழலும் வட்டிலிருந்து அது திரும்பி வரும்வரை ஆட்டம் நிற்கிறது. அந்த உறைதலுக்குக் காரணம் இதுதான்.

வெப்பத்தையும் இதே சோதனையில் பார்த்துவிடுங்கள். அரை மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு செயலியின் வேகம் அதன் அடிப்படை வேகமான 3.4 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கினால், விசிறியில் தூசி அடைத்திருக்கிறது அல்லது செயலியின் மேல் பூசிய வெப்பப் பசை காய்ந்துவிட்டது. ஊதிச் சுத்தம் செய்து, பசையை மாற்றினால் போதும். பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: ரேமை வாங்காமல் கடன் வாங்குங்கள்

ஐ5-7500 செயலிக்குள் இருக்கும் எச்டி 630 கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. படத்தின் ஒவ்வொரு துணுக்கையும் ரேமிலிருந்துதான் எடுக்கிறது. டிடிஆர்4-2400 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் வினாடிக்கு 19.2 ஜிபி வரை தரவு வரும். அதே அளவு இன்னொன்றை இணைத்தடத்தில், அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் தரவு தரும் டூயல் சேனல் முறையில், சேர்த்தால் 38.4 ஜிபி. ஒரு கிணற்றில் ஒரு வாளி விட்ட இடத்தில் இரண்டு வாளி விடுவது போலத்தான். எனவே இரண்டாவது 4 ஜிபி ரேம் இரண்டு வேலை செய்கிறது: கொள்ளளவை 8 ஜிபி ஆக்குகிறது, கிராபிக்ஸுக்கு வரும் பாதையையும் இரட்டிப்பாக்குகிறது. இருக்கும் 4 ஜிபி-யைக் கழற்றிவிட்டு ஒரே 8 ஜிபி பலகை போட்டால் முதல் பலன் மட்டும் கிடைக்கும், இரண்டாவது கிடைக்காது. கடைக்காரர் "ஒன்றாகவே எட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள். 4-ம் 8-ம் சேர்த்துப் போட்டால், முதல் 8 ஜிபி இணைத்தடத்திலும் மீதி 4 ஜிபி ஒற்றைத் தடத்திலும் ஓடும், அதுவும் மோசமில்லை.

2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. 12 ரேம் வாங்கக் கேட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். ஆனால் அதே அறையில், போட்டியில் பயன்படாத 24 கணினிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு 4 ஜிபி ரேம் சும்மா இருக்கிறது. ஒரே நேரத்தில் வாங்கிய கணினிகள் என்பதால் பாக எண்ணும் பெரும்பாலும் ஒன்றே. அவற்றில் 12-ஐ இரண்டு நாளுக்குக் கடன் வாங்கி, போட்டிக் கணினிகளின் இரண்டாவது பள்ளத்தில் போடுங்கள். ஞாயிறு மாலை திருப்பிப் போட்டுவிடலாம். எங்கள் முன்மொழிவில் துறைத்தலைவரை மிகவும் ஈர்த்த வரி இதுதான், ஏனென்றால் அதன் செலவு பூஜ்யம்.

கழற்றும்போது மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானை ஐந்து வினாடி அழுத்துங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் இறங்கும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு ரேமின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். எந்தக் கணினியிலிருந்து எடுத்தது என்று அதன் மேல் சிறிய காகித ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பொன்னிறத் தொடுமுனைகளில் ஒட்டிவிடக் கூடாது. போட்ட பிறகு திரை வராமல் பவர் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் சிமிட்டினால், பெரும்பாலும் ரேம் முழுதாக அமரவில்லை என்று அர்த்தம். இரு பக்கக் கொக்கியும் "டக்" என்று விழும்வரை அழுத்துங்கள். விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பகுதியில் Slots used: 2 of 2 என்று இருக்க வேண்டும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் Memory பக்கத்தில் Channel # என்ற இடத்தில் Dual என்றோ 2 x 64-bit என்றோ வந்தால் வேலை முடிந்தது.

எங்கள் சோதனைக் கணினியில் இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு சராசரி 75-ஐ ஒட்டி வந்தது. சண்டையிலும் 60-க்குக் கீழே அரிதாகத்தான் விழுந்தது. அந்த அரிதான இடங்களையும் மூட, திரைத் தெளிவை 1600 x 900-க்கு இறக்கினோம்.

கிராபிக்ஸ் அட்டை ஏன் வேண்டாம்

மன்ற உறுப்பினர்கள் எல்லோரும் முதலில் கேட்பது கிராபிக்ஸ் அட்டையைத்தான். முன்மொழிவில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். துறைத்தலைவரைவிட உங்கள் நண்பர்களுக்கே அது தேவைப்படும்.

சிறிய பெட்டிக்குள் குட்டையான அட்டை மட்டுமே நுழையும். இந்த வகைப் பெட்டிகளின் மின்வழங்கி பெரும்பாலும் 200 வாட்டுக்கும் குறைவு. தனி மின்கம்பி கேட்கும் அட்டைகள் எல்லாம் இங்கே கழிந்துவிடும். மிஞ்சுவது ஜிடி 1030 போன்றவை. அதிலும் ஒரு பொறி உண்டு. ஒரே பெயரில் இரண்டு வகை விற்பனையாகின்றன. ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டது வினாடிக்கு 48 ஜிபி தரவு எடுக்கும். 2018-இல் வந்த டிடிஆர்4 வகை 16.8 ஜிபி மட்டுமே எடுக்கும். நாம் கடன் வாங்கிய ரேமில் கிடைக்கும் 38.4-இல் பாதிகூட இல்லை. அட்டைப் பெட்டியின் மேல் சிறிய எழுத்தில் உள்ள நினைவக வகையைப் படிக்காமல் வாங்கினால் பணம் போனது போனதுதான். மேலும் ஆய்வக மானிட்டர்களில் பல இன்னும் விஜிஏ கம்பியோடு இருக்கின்றன. இந்த அட்டைகளில் அந்தத் துளையே கிடையாது. மாற்றிக் கம்பிக்கும் தனிச் செலவு.

நான்காம் படி: எஸ்எஸ்டி போடுங்கள், பழைய வட்டைத் தொடாதீர்கள்

உண்மையில் வாங்க வேண்டிய பெரிய பொருள் இது ஒன்றுதான். ஃபிரேம் எண்ணிக்கையை எஸ்எஸ்டி பெரிதாக ஏற்றாது. ஆனால் உறைதலைக் குறைக்கும். களம் திறக்க எடுக்கும் நேரத்தையும் வெகுவாகக் குறைக்கும். பத்து வீரர்களில் ஒருவருடைய கணினி தாமதமாகத் திறந்தால் மற்ற ஒன்பது பேரும் காத்திருக்க வேண்டும் என்பதால் இது போட்டியின் நேரத்தையே காப்பாற்றுகிறது. அதைவிட முக்கியம், போட்டி முடிந்த பிறகும் ஆய்வகத்துக்கு நிற்கப்போவது இதுதான்.

2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 256 ஜிபி போதும். 12-க்கும் ஒரே நிறுவனம், ஒரே மாதிரி வாங்குங்கள்; 240-ம் 256-ம் கலந்தால் பின்னால் நகலெடுக்கும்போது பெரியதிலிருந்து சிறியதற்குப் போகாமல் நின்றுவிடும். கூடுதலாக ஒன்று, ஆக 13.

ஹார்ட் டிஸ்க்கை அழிக்க வேண்டாம். அதைக் கழற்றி, அந்தக் கணினியின் எண்ணை எழுதி, பீரோவில் பூட்டுங்கள். அதிலிருந்த கம்பிகளையே எஸ்எஸ்டிக்கு மாட்டலாம். புதுக் கம்பி வாங்க வேண்டியதில்லை. செய்முறைத் தேர்வுக்கான மென்பொருள், உரிமங்கள், மாணவர்களின் கோப்புகள் எல்லாம் அந்த வட்டில் அப்படியே இருக்கின்றன. எது தவறினாலும் பத்து நிமிடத்தில் பழைய வட்டை மாட்டி முன்பிருந்த நிலைக்குத் திரும்பலாம். கணினி ஆய்வகத்தை மாணவர் கையில் கொடுக்க எந்தத் துறைத்தலைவரும் தயங்குவது தேர்வு கெட்டுவிடுமோ என்ற அச்சத்தால்தான். அந்த அச்சத்துக்கு இந்த ஒரு ஏற்பாடு முழு விடையாகிறது.

ஐந்தாம் படி: ஒன்றில் செய்து மற்றவற்றுக்கு நகலெடுங்கள்

1 டிபி வட்டை 256 ஜிபி எஸ்எஸ்டிக்கு அப்படியே நகலெடுக்க முயன்றால் சேருமிடம் சிறியது என்று மென்பொருள் மறுக்கும். புதிதாக நிறுவுவதே எளிது. கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். இணையத்தில் இணைந்ததும் தானாகச் செயல்படும். கல்லூரி மொத்த உரிமம் வைத்திருந்தால் சிஸ்டம் நிர்வாகியிடம் கேளுங்கள்.

முதல் எஸ்எஸ்டியில் விண்டோஸ், டிரைவர்கள், இணைய உலாவி ஆகியவற்றை மட்டும் போடுங்கள். விளையாட்டை இப்போது போட வேண்டாம். பிறகு கணினியின் தனி அடையாளத்தை நீக்க இதை ஓட்டுங்கள்:

```
C:\Windows\System32\Sysprep\sysprep.exe /generalize /oobe /shutdown
```

கணினி அணைந்ததும் மறுபடி விண்டோஸுக்குள் விடாமல், வட்டுகளை நகலெடுக்கும் குளோன்சில்லா மென்பொருள் இருக்கும் பென்டிரைவிலிருந்து தொடங்கி, ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்கு நேரடியாக நகலெடுங்கள். எது மூலம், எது சேருமிடம் என்று அது கேட்கும் இடத்தில் இருவர் சேர்ந்து படியுங்கள். மாற்றிச் சொன்னால் வெறும் வட்டு நல்ல வட்டை அழித்துவிடும். நகலெடுத்த எஸ்எஸ்டி INACCESSIBLE_BOOT_DEVICE என்று நீலத் திரை காட்டினால், அந்தக் கணினியின் பயோஸில் சாட்டா அமைப்பு மற்றவற்றிலிருந்து மாறியிருக்க வாய்ப்புண்டு. ஒன்றில் AHCI, இன்னொன்றில் RAID On என்று இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி வையுங்கள். ஒவ்வொன்றும் எழுந்ததும், நிர்வாகி உரிமையோடு திறந்த பவர்ஷெல்லில் தனிப் பெயர் கொடுங்கள்:

```
Rename-Computer -NewName "LAB-07" -Restart
```

விளையாட்டின் கோப்புகளை ஒரு கணினியில் பதிவிறக்கி, வெளி வட்டு மூலம் மற்றவற்றுக்கு நகலெடுத்து, பிறகு நிறுவியை ஓட்டினால் அது இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்து மிச்சத்தை மட்டும் இறக்கும். பன்னிரண்டு கணினிகளும் தனித்தனியே பதிவிறக்கினால் நூற்றுக்கணக்கான ஜிபி ஆகும். கல்லூரி இணையம் அன்று முழுதும் தவழும்.

இங்கே பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இந்த விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பான வான்கார்ட், விண்டோஸ் தொடங்கும்போதே அதன் உட்கருவான கர்னலில் ஏறும். அதனால் நிறுவியதும் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். பல ஆய்வகங்களில், அணைத்து எழுப்பினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் மீட்பு மென்பொருள் இருக்கும். அது இருந்தால் மறுதொடக்கத்தில் வான்கார்ட் காணாமல் போகும். மறுபடி நிறுவச் சொல்லும். இது முடிவே இல்லாமல் சுற்றும். புதிய எஸ்எஸ்டியில் அந்த மென்பொருள் இல்லை என்பதால் நமக்கு இந்தத் தொல்லை வராது. பழைய வட்டிலேயே நடத்த நினைப்பவர்கள் சிஸ்டம் நிர்வாகியிடம் சொல்லி அதை முதலில் நிறுத்த வேண்டும்.

விண்டோஸ் 11 கணினிகளில் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்க வேண்டும் என்று வான்கார்ட் கேட்கும். இல்லையென்றால் VAN9001 அல்லது VAN9003 என்ற பிழை வரும். இரண்டும் பயோஸில் இயக்க வேண்டியவை. ஏழாம் தலைமுறைச் செயலி விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. நாங்கள் 10-இலேயே நின்றதற்கு அதுவே காரணம். ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நீட்டிப்புப் புதுப்பிப்புகள் வாங்குவதா, இல்லையென்றால் அந்தக் கணினிகளைக் கல்லூரி அலுவலக வலையிலிருந்து பிரித்து வைப்பதா என்பதைச் சிஸ்டம் நிர்வாகியே முடிவு செய்யட்டும். முன்மொழிவில் அதை நேர்மையாக எழுதிவிடுங்கள்.

ஆறாம் படி: கடிதம்

இப்போதுதான் எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. குறைந்தது மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி இணையுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் அரை நாள் போதும். விலைப்புள்ளியில் ஜிஎஸ்டி சேர்த்த தொகை, உத்தரவாத ஆண்டுகள், எத்தனை நாள் வரை அந்த விலை செல்லும் என்பது மூன்றும் இருக்க வேண்டும். நினைவகப் பொருள்களின் விலை வாரத்துக்கு வாரம் மாறும் காலம் இது. கோப்பு மேசை மேசையாக நகர்வதற்குள் விலைப்புள்ளி காலாவதியாகிவிடும். எங்கள் கடிதத்தின் சாரம் இது:

"மதிப்பிற்குரிய ஐயா, இரண்டாம் ஆய்வகத்தின் 12 கணினிகளில் மன்றத்தின் போட்டியை நடத்த அனுமதி வேண்டுகிறோம். ஒரு கணினியில் செய்து பார்த்த சோதனையின் அளவுகளை இணைத்துள்ளோம். 13 எஸ்எஸ்டி, ஒன்று ரூ. 2,600 வீதம் ரூ. 33,800. எஸ்எஸ்டியைப் பெட்டிக்குள் பொருத்தும் தட்டுகள் 12, ஒன்று ரூ. 100 வீதம் ரூ. 1,200. வெப்பப் பசை, சுத்தம் செய்யும் பொருள்கள் ரூ. 1,000. மொத்தம் ரூ. 36,000. கூடுதல் ரேம் அதே ஆய்வகத்தின் மற்றக் கணினிகளிலிருந்து இரண்டு நாள்களுக்கு மட்டும் எடுக்கப்படும். திங்கள் காலை முதல் வகுப்புக்கு முன் 36 கணினிகளும் இயங்கும். பழைய ஹார்ட் டிஸ்க்குகள் அழிக்கப்படாமல் ஆய்வகப் பொறுப்பாளரின் பூட்டில் இருக்கும். எஸ்எஸ்டிகள் போட்டிக்குப் பின் துறையின் சொத்தாக ஸ்டாக் ரெஜிஸ்டரில் சேரும்."

கடிதத்தோடு சோதனைக் கணினியை நேரில் காட்டுங்கள். பக்கத்தில் மாற்றம் செய்யாத ஒரு கணினியை வையுங்கள். விளையாட்டைக் காட்ட வேண்டாம். இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கி, வகுப்பில் பயன்படும் நிரல் எழுதும் மென்பொருளைத் திறந்து காட்டுங்கள். எங்கள் துறைத்தலைவர் இரண்டாவது கணினி இன்னும் திறந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "மீதி இருபத்து நான்குக்கும் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்.

ஏழாம் படி: போட்டி வாரம்

பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வு அட்டவணையைப் பார்த்து, அதற்கு நெருங்கிய வாரத்தைத் தவிர்த்துத் தேதி குறியுங்கள். சனிக்கிழமை போட்டி என்றால் எஸ்எஸ்டி வேலை முந்தைய வார இறுதியிலேயே முடிந்திருக்க வேண்டும். ரேமை மட்டும் வெள்ளி மாலை, கடைசி வகுப்புக்குப் பிறகு மாற்றுங்கள். அன்றிரவே 12 கணினிகளிலும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓடவிடுங்கள். சிவப்பு வரியில் பிழை காட்டும் கணினியில் முதலில் ரேமைக் கழற்றி மறுபடி அமர்த்துங்கள். மறுபடியும் பிழை வந்தால் அந்த ரேமை ஒதுக்குங்கள்.

வேலரன்ட் கல்லூரி வலைக்குள் மட்டும் ஓடாது. வெளியே உள்ள சர்வரோடு பேச வேண்டும், நமக்கு அருகில் இருப்பது மும்பை. கல்லூரி ஃபயர்வால் பெரும்பாலும் விளையாட்டு என்ற வகையையே அடைத்திருக்கும். உலாவியில் தளம் திறக்கிறது என்பதால் ஆட்டமும் திறக்கும் என்று நினைக்கக் கூடாது. ஒரு வாரம் முன்பே பத்துப் பேரை உட்காரவைத்து முழு ஆட்டம் ஒன்றை ஆடிப் பாருங்கள். தரவு சர்வருக்குப் போய்வரும் நேரமான பிங் சற்றுப் பெரிதாக இருப்பதைவிட, அது ஏறி இறங்கிக் குதிப்பதுதான் பெரிய குறை. விடுதி மாணவர்கள் அதே இணைப்பில் படம் பார்க்கும் மாலை நேரத்தில் அது தெரியும். ஆய்வகத்துக்கு மட்டும் அந்த இரண்டு நாள் தனி முன்னுரிமை தரும்படி சிஸ்டம் நிர்வாகியிடம் எழுத்தில் கேளுங்கள். ஆட்ட நாளில் விண்டோஸ் புதுப்பிப்பை நிறுத்திவைத்து, மின்திட்டத்தை High performance-இல் வையுங்கள்.

எட்டாம் படி: திருப்பிக் கொடுத்தல்

ஞாயிறு கடைசி ஆட்டம் முடிந்ததும் ஸ்டிக்கரைப் பார்த்து ஒவ்வொரு ரேமையும் அதன் கணினிக்கே திருப்புங்கள். 36 கணினிகளையும் எழுப்பி, முதல் படியின் அதே கட்டளையை ஓட்டி, அன்றைய பட்டியலையும் முதல் நாள் பட்டியலையும் ஒப்பிட்டு, ஆய்வகப் பொறுப்பாளரின் கையெழுத்து வாங்குங்கள். போட்டிக் கணினிகளில் விளையாட்டையும் வான்கார்டையும் நீக்கிவிட்டு, வகுப்பு மென்பொருள்களை அவருடைய மேற்பார்வையில் நிறுவுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்குகளை அடுத்த செய்முறைத் தேர்வு எஸ்எஸ்டியில் சிக்கலின்றி நடந்து முடியும்வரை பூட்டிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். எஸ்எஸ்டியின் வரிசை எண்கள், பில் எண், உத்தரவாதம் முடியும் தேதி ஆகியவற்றை ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றி, பில்லின் நகலை மன்றக் கோப்பிலும் ஒன்று வையுங்கள். அடுத்த ஆண்டு ஒருங்கிணைப்பாளராக வருபவர் மீதி 24 கணினிகளுக்குக் கடிதம் எழுதும்போது அந்தக் கோப்பைத்தான் முதலில் தேடுவார்.